ஜெர்மனி போய் வந்த செலவு: கார்டில் பிடித்தது யூரோவுக்கு 94.34, ஃபைனான்ஸ் தருவது 90.20

சிறுவாணி எழுதியது:

வணக்கம். கோவையில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வாங்கும் இயந்திரத்தைச் சோதித்து வாங்க போன மாதம் கம்பெனி என்னை ஸ்டுட்கார்ட் அனுப்பியது. எனக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். விமான டிக்கெட் கம்பெனியே எடுத்துக் கொடுத்தது. மற்ற எல்லாம் என் கைக்காசு, திரும்பி வந்து கிளெய்ம் போட வேண்டும் என்றார்கள்.

4 இரவு ஓட்டல் வாடகை 480 யூரோ. என் சொந்தக் கிரெடிட் கார்டில் கட்டினேன். என் கணக்குப்படி கார்டில் மொத்தம் போனது 45,284 ரூபாய் 5 காசு, அதாவது யூரோவுக்கு 94.34 வருகிறது. ஃபைனான்ஸில் ஓட்டல் பில்லை வைத்துக்கொண்டு, பில் தேதிக்கு ரிசர்வ் வங்கி விகிதம் 90.20 என்று போட்டு 43,296 பாஸ் செய்திருக்கிறார்கள். ஓட்டலில் மட்டும் எனக்கு 1,988 ரூபாய் நஷ்டம். கார்டு எஸ்எம்எஸ்ஸையும் இணைத்திருந்தேன், அதைக் கண்டுகொள்ளவில்லை.

இது தவிர ரொக்கமாக 300 யூரோ வாங்கிப் போனேன். 220 செலவானது, 80 கையில் இருக்கிறது. அதற்கு எந்த ரேட் போடுவது என்று யாரும் சொல்லவில்லை. என் காசைப் போட்டு கம்பெனி வேலைக்குப் போய்விட்டு நானே நஷ்டப்பட வேண்டுமா? எது சரியான ரேட்?

---

ஓஎம்ஆர்வாசி எழுதியது:

ப்ரோ, ஃபைனான்ஸ் செய்ததுதான் சரி. ரிசர்வ் வங்கி விகிதம்தான் சட்டப்படியான விகிதம். அதைத் தாண்டிக் கொடுத்தால் ஆடிட்டில் மாட்டுவார்கள். எங்கள் ஆபீசிலும் அப்படித்தான். கார்டுக்காரன் பிடிக்கும் கமிஷன் உங்களுக்கும் வங்கிக்கும் உள்ள விஷயம், கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லை.

---

லெட்ஜர்க்காரி எழுதியது:

14 வருடமாகப் பயணக் கிளெய்ம்களை மேசையில் வாங்கிப் பாஸ் செய்கிறவள் நான். ஓஎம்ஆர்வாசி சொன்னதில் பாதிதான் சரி.

ரிசர்வ் வங்கிக் குறிப்பு விகிதம் என்று நாம் பழக்கத்தில் சொல்வதை 2018 ஜூலையிலிருந்து எஃப்பிஐஎல் என்ற நிறுவனம் கணக்கிட்டு வெளியிடுகிறது. வங்கிகள் தங்களுக்குள் டாலர், யூரோ கைமாற்றிக்கொள்ளும் சந்தையிலிருந்து எடுக்கும் எண் அது. சிறுவாணியோ நானோ எந்தக் கவுன்டரில் போய் நின்றாலும் அந்த விலைக்கு ஒரு யூரோ கூட வாங்க முடியாது. ஒருவருக்கும் கிடைக்காத விலையில் ஒருவருடைய செலவை அளந்தால் அவருக்கு நிச்சயம் குறையும். இன்னொன்று, அது வங்கி வேலை நாளில்தான் வரும். சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்கு எந்த ரேட் என்று கேட்டால் வெள்ளிக்கிழமை ரேட்டைத்தான் தூக்கிப் போட வேண்டும்.

ஊழியரின் செலவை இந்த ரேட்டில்தான் திருப்பித் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது கம்பெனியின் பயணக் கொள்கை முடிவு செய்கிற விஷயம். ரேட்டுக்கு ஒரு பொது ஆதாரம் இருந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி போடலாம், ஒவ்வொருவருடைய கார்டு பில்லையும் தோண்ட வேண்டாம் என்றுதான் பல கம்பெனிகள் குறிப்பு விகிதத்தை எடுத்துக்கொள்கின்றன. அது மேசைக்கு வசதி. ஆனால் கைக்காசில் போய் வந்தவருக்கு நியாயமான ரேட் அவர் கையிலிருந்து ரூபாயில் எவ்வளவு போனதோ அதுதான். அதைக் காகிதத்தில் காட்ட முடிந்தால் பெரும்பாலான ஃபைனான்ஸ்காரர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

சிறுவாணி, முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். உங்கள் கொள்கையில் ரேட்டைப் பற்றி என்ன வாசகம் இருக்கிறது? அப்புறம், 45,284 என்ற தொகை எங்கிருந்து வந்தது? கார்டு ஸ்டேட்மென்டில் அப்படியே இருக்கிறதா, நீங்கள் கூட்டிப் போட்டதா?

---

சிறுவாணி எழுதியது:

நன்றி மேடம். கொள்கையில் ஒரே வரிதான்: "வெளிநாட்டு நாணயச் செலவுகள் செலவு செய்த நாளின் நடப்பு மாற்று விகிதத்தில் வழங்கப்படும்." யாருடைய விகிதம் என்று இல்லை.

45,284 நான் கூட்டியது. ஸ்டேட்மென்ட் இன்னும் வரவில்லை, வர 12 நாள் ஆகும். கிளெய்மைத் திரும்பிய 15 நாளுக்குள் போட வேண்டும் என்று விதி. அதனால் மொபைல் ஆப்பில் பார்த்தேன். ஓட்டல் பெயரில் 43,488. மறுநாள் தேதியில் இரண்டு சின்ன வரி, 1,522.08 ஒன்று, 273.97 ஒன்று. மூன்றையும் கூட்டினேன்.

---

லெட்ஜர்க்காரி எழுதியது:

சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், நிறையப் பேர் அந்த இரண்டு சின்ன வரியை விட்டுவிடுவார்கள்.

43,488-ஐ 480 ஆல் வகுத்தால் 90.60. அது கார்டு நெட்வொர்க்கின் ரேட். விசாவும் மாஸ்டர்கார்டும் தேதி கொடுத்தால் அன்றைய ரேட்டைக் காட்டும் பக்கம் வைத்திருக்கின்றன, அங்கே நீங்களே சரிபார்க்கலாம். அடுத்து 1,522.08 உங்கள் வங்கி பிடித்த மார்க்கப், சரியாக 3.5 சதவீதம். 273.97 அந்த மார்க்கப்பின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தத்தின் மேல் அல்ல, மார்க்கப்பின் மேல் மட்டும்.

ஆக உங்களுக்கும் ஃபைனான்ஸுக்கும் உள்ள 1,988 ரூபாய் வித்தியாசத்தில் ரேட் சண்டை வெறும் 192 ரூபாய்தான். மிச்சம் 1,796 வங்கிக் கட்டணம். இதை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். "94.34 கொடுங்கள்" என்று போய் நின்றால், சந்தையில் 90 இருக்கும்போது இவர் எங்கிருந்து 94 கொண்டு வருகிறார் என்றுதான் தோன்றும். "90.60 நெட்வொர்க் ரேட், அதன் மேல் வங்கிக் கட்டணம் இவ்வளவு, வரி இவ்வளவு" என்று மூன்று வரியாகக் கிளெய்மில் எழுதினால் கட்டணம் தனிச் செலவாக நிற்கும். எங்கள் கம்பெனியில் வங்கிக் கட்டணம் என்று தனி தலைப்பே இருக்கிறது, ஓட்டல் வாடகையோடு சேர்க்க மாட்டோம்.

15 நாள் விதிக்கும் ஸ்டேட்மென்ட் தேதிக்கும் எப்போதுமே பொருந்தாது. நெட்பேங்கிங்கில் 'இன்னும் பில் ஆகாத பரிவர்த்தனைகள்' பக்கம் இருக்கும். அதை பிடிஎஃப் ஆக எடுத்து இணைத்து, "ஸ்டேட்மென்ட் வந்ததும் தருகிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். கெடு தவறாது.

---

தறிநாடா எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? பேட்டாவுக்குப் பில்லே வேண்டாமே. நான் 3 தடவை பங்களாதேஷ் போனேன். ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் என்று கம்பெனி கையில் கொடுத்துவிடும். செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் அது நமக்கு. ஒரு ரசீது கூட நான் கொடுத்ததில்லை. உங்கள் கம்பெனியில் பேட்டா கேளுங்கள்.

---

லெட்ஜர்க்காரி எழுதியது:

அண்ணே, உங்களுக்கு அது தினப்படி. சிறுவாணி கேட்பது உண்மையான செலவைத் திரும்ப வாங்குவது, அவருக்கு ஓட்டல் வாடகையும் இதில் வருகிறது. இரண்டும் வேறு. ஒன்று மட்டும் சொல்கிறேன், தினப்படிக்கு வரி இல்லை என்பது உண்மையில் செலவான அளவுக்குத்தான். அதனால் பேட்டா வாங்கினாலும் ஓட்டல் பில்லும் போர்டிங் பாஸும் வீட்டில் இருப்பது நல்லது.

இப்போது ரொக்கம். சிறுவாணி, யூரோ வாங்கிய ரசீது இருக்கிறதா? அதில் உள்ள எண்களை அப்படியே எழுதுங்கள்.

---

சிறுவாணி எழுதியது:

இருக்கிறது மேடம். 300 யூரோ, ரேட் 92.10, தொகை 27,630. ஜிஎஸ்டி 49.73. மொத்தம் 27,679.73. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நாணய மாற்றுக் கடையில் வாங்கியது. ஜிஎஸ்டி ஏன் இவ்வளவு கம்மி என்று புரியவில்லை.

---

மண்ணடி எழுதியது:

நாணய மாற்றுக் கவுன்டரில் 9 வருடம் உட்கார்ந்தவன் நான், இதைச் சொல்கிறேன். நாணயம் மாற்றும்போது ஜிஎஸ்டி முழுத் தொகைக்கும் கிடையாது. ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்வோம். அது 250 ரூபாய்க்குக் குறைந்தால் 250 என்று வைப்போம். அதன் மேல் 18 சதவீதம். உங்களுக்கு 276.30-க்கு 49.73, சரியாக இருக்கிறது. 20 யூரோ மாற்றினாலும் குறைந்தது 45 ரூபாய் வரி உண்டு, அதனால் சின்னச் சின்னதாக மாற்றாதீர்கள்.

அந்த ரசீதில் பயண நோக்கம் என்ன என்று போட்டிருக்கிறது, பாருங்கள். கம்பெனிக் கடிதம் இல்லாமல் வந்தால் நாங்கள் 'தனிப்பட்ட பயணம்' என்றுதான் எழுதுவோம். அப்படி எழுதினால் அது உங்கள் பான் எண்ணில் வருடத்துக்கு 2,50,000 டாலர் என்ற தனிநபர் வரம்பில் ஏறும். கம்பெனி அனுப்பி, செலவையும் கம்பெனி ஏற்கும் பயணம் அந்த வரம்புக்குள் வராது. 300 யூரோவுக்கு உங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஃபைனான்ஸில் பார்ப்பவர் 'தனிப்பட்ட பயணம்' என்று படித்தால் கேள்வி கேட்பார்.

அப்புறம், மிச்சம் 80 யூரோவை வைத்துக்கொள்வது தப்பில்லை. நோட்டாக 2,000 டாலர் மதிப்பு வரை வைத்திருக்கலாம், அதற்கு மேல் இருந்தால்தான் 180 நாளுக்குள் திருப்ப வேண்டும். ஆனால் கிளெய்ம் போட வேண்டுமென்றால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது என்காஷ்மென்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் சில கடைகளில் சும்மா ஒரு சீட்டு கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

---

ஓஎம்ஆர்வாசி எழுதியது:

மேடம் சொன்ன பிறகு எங்கள் அக்கவுன்ட்ஸ் அண்ணனிடம் கேட்டேன். வருமான வரி விதி 115 இருக்கிறது, அதில் ஸ்டேட் பாங்கின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விலை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது என்கிறார். அப்போது அதுதானே சட்டம்?

ரொக்கத்தில் இன்னொரு சந்தேகம். 80 யூரோவைத் திருப்பும்போது கம்மி விலைக்குத்தான் எடுப்பார்கள். அந்த நஷ்டத்தைக் கம்பெனி ஏன் தாங்க வேண்டும்? அவரை யார் 300 வாங்கச் சொன்னது?

---

லெட்ஜர்க்காரி எழுதியது:

1962 விதிகளில் 115 இருப்பது உண்மை. ஆனால் அது ஒருவர் வெளிநாட்டு நாணயத்தில் சம்பாதித்த வருமானத்தை வரிக்காக ரூபாயாக்கும் விதி. சிறுவாணி வருமானம் சம்பாதிக்கவில்லை, கம்பெனிக்காகச் செலவு செய்தார். வாங்கும் விலை என்பது நம்மிடமிருந்து வங்கி யூரோவை எடுத்துக்கொள்ளும் விலை, எப்போதும் குறைவாக இருக்கும். செலவு செய்தவர் யூரோவை வாங்கினார். திசையே மாறுகிறது. உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

ரொக்கக் கேள்வி நல்ல கேள்வி. நான் போடும் கணக்கு இது. 300 யூரோவுக்குக் கையிலிருந்து போனது 27,679.73. இன்று 80-ஐத் திருப்பினால் ரேட் 87.50 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7,000 ரூபாய், அதில் ஜிஎஸ்டி 45 போக 6,955 கைக்கு வரும். ஆக 220 யூரோ செலவுக்கு அவருக்கு நிகரமாக ஆனது 20,724.73. யூரோவுக்கு 94.20.

வாங்கிய ரேட்டை மட்டும் போட்டால் 220 பெருக்கல் 92.10, அதாவது 20,262. வித்தியாசம் 462 ரூபாய் 73 காசு. அதில் பெரும்பகுதி திருப்பிய 80 யூரோவில் விழுந்த இடைவெளி. நான் முழுதும் தருவேன், வாங்கிய ரசீதும் திருப்பிய சர்டிபிகேட்டும் இரண்டும் இருந்தால். ஒருவர் புது ஊருக்குப் போகும்போது கையில் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் 1,000 யூரோ வாங்கிப் போய் 100 செலவழித்துவிட்டு மிச்சத்தைத் திருப்பினால் கேள்வி கேட்பேன். எங்கே கோடு போடுவது என்பதில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கருத்து இருக்கும்.

---

ஆடிட் அறை எழுதியது:

இன்டர்னல் ஆடிட்டில் இருக்கிறேன், இந்த வவுச்சர்களைக் கடைசியாகப் பார்ப்பது நாங்கள். ரேட்டைப் பற்றி எங்களுக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. 90.20 போட்டாலும் 90.60 போட்டாலும் கொள்கையில் இடம் இருக்கிறதா, எல்லாருக்கும் அதே மாதிரி போடுகிறார்களா என்றுதான் பார்ப்போம். எங்களைத் தடுக்கி விழவைப்பது காகிதம்தான்.

ஒவ்வொரு செலவுக்கும் நான் இரண்டு காகிதம் தேடுவேன். என்ன வாங்கினார் என்று சொல்வது ஒன்று, அவர் கையிலிருந்து ரூபாய் எவ்வளவு போனது என்று சொல்வது இன்னொன்று. ஓட்டல் பில் முதல் வகை. கார்டு ஸ்டேட்மென்ட் இரண்டாம் வகை. பலர் கார்டு மெஷினிலிருந்து வரும் சின்னச் சீட்டை மட்டும் கொடுப்பார்கள். ஜெர்மனியில் அதில் 'குண்டன்பெலெக்' என்று போட்டிருக்கும், வாடிக்கையாளர் பிரதி என்று அர்த்தம். அதில் கடை பெயரும் தொகையும் இருக்கும், என்ன வாங்கினார் என்று இருக்காது. அது சாப்பாடா, மதுவா, குழந்தைக்கு வாங்கிய பொம்மையா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டோடு வரும் நீளமான பில்லும் வேண்டும்.

சிறுவாணியிடம் ஒரு கேள்வி. நீங்கள் இணைத்த எஸ்எம்எஸ்ஸில் எத்தனை யூரோ இருந்தது? எடுத்துப் பாருங்கள்.

---

சிறுவாணி எழுதியது:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 550 யூரோ என்று இருக்கிறது! நான் தொகையைப் பார்க்கவே இல்லை, ஓட்டல் பெயரைப் பார்த்து இணைத்துவிட்டேன். பில் 480 தான். அப்படியென்றால் 70 யூரோ கூடுதலாகப் பிடித்துவிட்டார்களா?

---

ஆடிட் அறை எழுதியது:

பயப்படாதீர்கள், பிடிக்கவில்லை. அது ஓட்டலில் நுழையும்போது கார்டைத் தேய்த்து வாடகைக்கும் மேல் கொஞ்சம் நிறுத்தி வைப்பது. கிளம்பும்போது உண்மைத் தொகைக்கு மாற்றிவிடுவார்கள். எஸ்எம்எஸ் நிறுத்தி வைத்த நேரத்தில் வந்தது. கணக்கில் ஏறியது 480.

ஆனால் ஃபைனான்ஸ் இருக்கையிலிருந்து பாருங்கள். பில்லில் 480, எஸ்எம்எஸ்ஸில் 550. இரண்டும் பொருந்தவில்லை என்றால் எஸ்எம்எஸ்ஸைத் தள்ளிவைத்துவிட்டு, தெரிந்த ஒரே ரேட்டைப் போட்டுப் பாஸ் செய்வதுதான் அவர்களுக்கு வழி. உங்கள் 90.20 அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். எஸ்எம்எஸ்ஸில் இரண்டாவது குறையும் உண்டு. பரிவர்த்தனை நடந்த நாளும் கணக்கில் ஏறும் நாளும் வேறு. வெள்ளிக்கிழமை தேய்த்தது செவ்வாய்க்கிழமை ஏறலாம், கணக்கில் ஏறும்போது ரேட் மாறியிருக்கலாம். அதனால் எந்த ஆடிட்டரும் எஸ்எம்எஸ்ஸை ஆதாரமாக எடுக்க மாட்டார்.

---

கெடிலக்கரை எழுதியது:

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இதற்கும் சம்பந்தம் உண்டு. பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் 64 யூரோவுக்கு கம்பெனி வேலைக்கு ஒரு அடாப்டரும் கேபிளும் வாங்கினேன். மெஷினில் யூரோவா, ரூபாயா என்று கேட்டது. நம்ம ஊர்க் காசு என்றால் கணக்கு சுலபமாக இருக்கும், ஃபைனான்ஸில் ரேட் பிரச்சினையே வராது என்று ரூபாயை அழுத்தினேன். சீட்டிலேயே ரூபாய் 6,182 என்று அச்சாகி வந்தது. இனி எந்த விவாதமும் இல்லை என்று சந்தோஷமாக இருந்தேன்.

ஃபைனான்ஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யூரோவுக்கு 96.59 ஆகிறது, இதை ஏற்க முடியாது என்றார்கள். ஸ்டேட்மென்டில் பார்த்தால் வங்கியும் தனியாக ஒரு கட்டணம் பிடித்திருக்கிறது. சீட்டில் அச்சான தொகை, நான் கையெழுத்துப் போட்டது, என் கையிலிருந்து போனது. மேடம் சொன்ன நியாயப்படி இதையும் தர வேண்டும்தானே?

---

லெட்ஜர்க்காரி எழுதியது:

அந்தக் கேள்வியை மெஷின் கேட்கும்போது ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தைக் கடைக்காரருடைய கார்டு நிறுவனம் வைக்கிறது. அவர்கள் லாபம் அதில் சேர்ந்தே வரும். நம் வங்கியும் வெளிநாட்டில் ரூபாயில் செய்த பரிவர்த்தனை என்று தனியாகப் பிடிப்பதுண்டு. அதனால் எப்போதும் அந்த நாட்டு நாணயத்தைத்தான் அழுத்த வேண்டும்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: முதல் தடவை தெரியாமல் செய்திருந்தால் தருவேன், ஒரு குறிப்பு எழுதி. எங்கள் பயணக் குறிப்பில் இதை எழுதிக் கொடுத்த பிறகும் ரூபாயை அழுத்தி வந்தால் நெட்வொர்க் ரேட்டுக்கு மேல் தர மாட்டேன்.

---

ஆடிட் அறை எழுதியது:

இதில் மேடத்தோடு நான் ஒத்துப்போகவில்லை. சில கடைகளில் ஊழியரைக் கேட்காமலே கடைக்காரர் ரூபாயை அழுத்திவிட்டு மெஷினை நீட்டுகிறார். பின்னால் வரிசை நிற்கிறது, மொழி தெரியாது. அதை ஊழியரின் தவறு என்று எப்படிப் பிரிப்பது? என் பார்வையில் செலவு உண்மை, காகிதம் இருக்கிறது, கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் விட்டால் அடுத்த தடவை அந்த ஊழியர் சின்னச் செலவையெல்லாம் கூட்டி எழுதப் பழகுவார். அது எனக்குப் பெரிய ஆபத்து.

---

கெடிலக்கரை எழுதியது:

எனக்கு 5,800 தந்தார்கள். மிச்சத்தை விட்டுவிட்டேன். இனி யூரோதான் அழுத்துவேன்.

---

தறிநாடா எழுதியது:

என் தம்பி மகன் அடுத்த மாதம் போகிறான். அவனிடம் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கச் சொல்லலாமா? அதில் இந்த 3.5 சதவீதம் இல்லை என்கிறார்களே. அவன் டாலர் போட்டு வாங்கலாம் என்கிறான், எல்லா ஊரிலும் ஓடும் என்று.

---

மண்ணடி எழுதியது:

எந்த நாட்டுக்குப் போகிறானோ அந்த நாணயத்தைப் போடச் சொல்லுங்கள் அண்ணே. டாலர் போட்ட கார்டை ஜெர்மனியில் தேய்த்தால் டாலரிலிருந்து யூரோவுக்கு மாற்ற ஒரு கட்டணம் பிடிப்பார்கள், கிரெடிட் கார்டு மார்க்கப்பில் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும். யூரோ போட்டால் ஏற்றிய நாளின் ரேட் பூட்டிக்கொள்ளும். கிளெய்முக்கு அந்த ஏற்றிய ரசீதும், திரும்பி வந்ததும் எடுக்கும் கார்டு ஸ்டேட்மென்டும் போதும். நடுவில் இரண்டாவது தடவை ஏற்றினால் இரண்டு ரசீதும் வேண்டும். 300 யூரோ 91.40-க்கும், 200 யூரோ 92.30-க்கும் ஏற்றியிருந்தால் சராசரி 91.76 என்று போடுவார்கள். ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்தால் தனிக் கட்டணம், அந்த மெஷின் சீட்டையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

---

சிறுவாணி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஸ்டேட்மென்ட் வந்தது. மேடம் சொன்ன மாதிரி மூன்று வரியாகப் பிரித்து, 550 ஏன் வந்தது என்று ஒரு பத்தி எழுதி, ஃபைனான்ஸ் மேனேஜரை நேரில் பார்த்தேன். அவர் ஸ்டேட்மென்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டல் வரி முதல் பக்கத்தில், மார்க்கப்பும் ஜிஎஸ்டியும் அடுத்த பக்கத்தில் இருந்தன. இரண்டையும் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினேன். 45,284.05 முழுதும் பாஸ் செய்துவிட்டார். "கொள்கையில் வாசகத்தை மாற்ற வேண்டும், நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொடுங்கள்" என்றார்.

80 யூரோவை அதே கடையில் திருப்பினேன். ரேட் மேடம் சொன்ன 87.50 இல்லை, 87.80 கிடைத்தது. 7,024-இல் வரி 45 போக 6,979. சர்டிபிகேட்டோடு கொடுத்தேன், 220 யூரோவுக்குக் கணக்கு 20,700.73 என்று வந்தது. 'தனிப்பட்ட பயணம்' என்றுதான் வாங்கிய ரசீதில் இருந்தது. மண்ணடி அண்ணன் எச்சரித்ததால் கம்பெனி அனுப்பிய கடிதத்தை முன்னாலேயே இணைத்துவிட்டேன், கேட்கவில்லை.

அந்த 220-இல் பாஸ் ஆகாதது ஒன்று உண்டு. ஸ்டுட்கார்ட்டில் ஒரு டாக்ஸிக்கு 31 யூரோ ரொக்கம் கொடுத்தேன். ஓட்டுநர் சின்னத் தாளில் மெஷின் சீட்டு கொடுத்தார். பர்ஸில் கார்டுகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். இப்போது எடுத்தால் வெள்ளைத் தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் '31' என்பது மட்டும் தெரிகிறது. அந்த 31 யூரோவை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

---

ஆடிட் அறை எழுதியது:

வெப்பத் தாள் அப்படித்தான். சூட்டிலும் பிளாஸ்டிக் உறையிலும் எழுத்து சீக்கிரம் போய்விடும். அன்றன்று இரவு ஓட்டல் அறையில் படம் எடுத்துவிட வேண்டும், நான்கு மூலையும் தெரிய. ரயில் டிக்கெட்டை ஆப்பில் எடுத்திருந்தால் பிடிஎஃப்பை உடனே உங்கள் மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள், பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம். ஜெர்மனியில் டாக்ஸியில் 'க்விட்டுங்' என்று கேட்டால் கையால் எழுதிய ரசீதும் தருவார்கள், அது அழியாது. அதில் எங்கிருந்து எங்கே என்று எழுதச் சொல்லுங்கள்.

31 யூரோவுக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு சுய உறுதிமொழி கொடுங்கள். தேதி, நேரம், விமான நிலையத்திலிருந்தா ஓட்டலிலிருந்தா, ஏன் ரயிலில் போகவில்லை. மங்கிய சீட்டையும் சேர்த்து ஒட்டுங்கள், தூக்கிப் போடாதீர்கள். ஒரு பயணத்தில் ஒன்று என்றால் நான் விடுவேன்.

---

சிறுவாணி எழுதியது:

எழுதிக் கொடுத்துவிடுகிறேன் சார். கடைசியாக ஒன்று. ஓட்டலில் நான் குடிக்காத மினிபாருக்கு 18 யூரோ தனியாகக் கார்டில் பிடித்திருந்தார்கள். மெயில் போட்டேன், ஒத்துக்கொண்டு 18 யூரோவைத் திருப்பிவிட்டார்கள். ஆனால் பிடித்தபோது மார்க்கப், வரியோடு 1,698.15 போனது. திரும்பி வந்தது 89.90 ரேட்டில் 1,618.20. மார்க்கப் திரும்பவில்லை. 79.95 இடையில் போய்விட்டது. செலவே இல்லாத ஒன்றுக்கு இந்த 80 ரூபாயை எந்தத் தலைப்பில் கேட்பது?

---

லெட்ஜர்க்காரி எழுதியது:

முதலில் வங்கிக்கு எழுதிக் கேளுங்கள், சில வங்கிகள் கேட்டால் மார்க்கப்பைத் திருப்புகின்றன. அவர்கள் மறுத்தால் நான் வங்கிக் கட்டணத்தில் போடுவேன். இரண்டு வரியையும், ஓட்டல் மெயிலையும் சேர்த்து.

---

ஓஎம்ஆர்வாசி எழுதியது:

நான் போட மாட்டேன் மேடம். மினிபார் கம்பெனிச் செலவே இல்லை, அதிலிருந்து வந்த நஷ்டம் எப்படிக் கம்பெனிச் செலவாகும்? அந்த 80 ரூபாயை ஓட்டலிடம்தான் கேட்க வேண்டும்.

---

சிறுவாணி எழுதியது:

ஓட்டலுக்கும் வங்கிக்கும் இரண்டு பேருக்கும் இன்று மெயில் போட்டிருக்கிறேன். கொள்கைக்கான வரைவில் இதுவரை எழுதியது இவ்வளவு: "கார்டில் செலுத்தியது கார்டு ஸ்டேட்மென்டில் உள்ள ரூபாய்த் தொகைப்படியும், ரொக்கம் நாணயம் வாங்கிய, திருப்பிய ரசீதுகளின் நிகரத் தொகைப்படியும் வழங்கப்படும். வங்கிக் கட்டணமும் அதன் மீதான வரியும் தனித் தலைப்பில் சேரும்." ரூபாயை அழுத்தியவர்களுக்கு என்ன எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மேடமும் ஆடிட் சாரும் ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால் இரண்டையும் மேனேஜரிடம் காட்டுகிறேன்.